நிதித் தாக்கம்: பாதகம்

2023-ஆம் ஆண்டு ஆனி, ஆடி மாதங்களில் இந்தப் பூமி காப்பாற்றப்பட்டது. காகிதத்தில்தான். இருந்தாலும் பட்டியலைப் பார்த்துவிடுங்கள், மெய்சிலிர்க்கும். ஜூன் 26 அன்று சர்வதேச நிலைத்தன்மைத் தரநிலை வாரியம், கம்பெனிகள் பருவநிலை ஆபத்தை எப்படி வெளியிட வேண்டும் என்று ஐ.எஃப்.ஆர்.எஸ். எஸ்-2 என்ற தரநிலையை வெளியிட்டது. ஜூன் 28 அன்று இந்திய அரசு கார்பன் வணிகத் திட்டத்தை அறிவிக்கை செய்தது. ஜூலை 12 அன்று செபி, பெரிய கம்பெனிகள் தங்கள் பசுமைக் கணக்கை வெளியாள் ஒருவரிடம் சரிபார்த்து வாங்க வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டது.

ஜூலை 26 அன்று, அதாவது ஆடி 10, சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில் போலீஸ் காவலோடு மண்வாரி இயந்திரங்கள் வயலுக்குள் இறங்கின. கதிர் பிடிக்கவிருந்த நெல்லை மண்ணோடு புரட்டிப் போட்டுவிட்டு வாய்க்கால் வெட்டத் தொடங்கின. பயிர் வாடினாலே தாளாத வள்ளலாரின் வடலூருக்கு அங்கிருந்து பஸ் ஏறினால் சீக்கிரம் போய்விடலாம்.

வெட்டியது என்.எல்.சி. இந்தியா நிறுவனம். இரண்டாவது சுரங்கத்தை விரிவாக்க வேண்டும், அதற்குப் பரவனாற்றைத் திருப்பிவிட வேண்டும், 12 கிலோமீட்டரில் ஒன்றரை கிலோமீட்டர்தான் பாக்கி, மழைக்காலத்துக்குள் முடிக்காவிட்டால் வெள்ளம் சுரங்கத்துக்குள் வந்துவிடும் என்பது நிறுவனத்தின் தரப்பு. நிலத்தை முன்பே கையகப்படுத்திவிட்டோம், பணமும் கொடுத்துவிட்டோம், பயிர் வைத்ததே தவறு என்றும் சொன்னார்கள். இரண்டு நாள் கழித்து நெய்வேலியில் போராட்டம், கல்வீச்சு, தடியடி. விவகாரம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது.

மழைக்காலத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற அந்த வார்த்தையைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கரை கடந்தது இந்தக் கடலூர் மாவட்டத்துக் கரையை ஒட்டித்தான். 2015 வெள்ளத்தில் மூழ்கியதும் இந்த மாவட்டம்தான். மழை இனி எப்படிப் பெய்யும் என்று யாருக்கும் நிச்சயமில்லை என்ற பயம் சுரங்கத்துக்கும் இருக்கிறது, வயலுக்கும் இருக்கிறது. பருவநிலை ஆபத்து என்று கனமான ஆங்கிலத்தில் சொல்வது இதைத்தான். அந்தப் பயத்தைத் தீர்க்க ஒருவருக்கு வாய்க்கால் கிடைத்தது. மற்றவர் அந்த வாய்க்காலாகவே ஆகிவிட்டார்.

சரி, இது கணக்குப் புத்தகத்தில் எப்படி ஏறும்?

பங்குச் சந்தையில் உள்ள முதல் ஆயிரம் கம்பெனிகள் 2022-23 முதல் ஆண்டறிக்கையோடு பி.ஆர்.எஸ்.ஆர். என்ற படிவத்தைக் கட்டாயம் நிரப்ப வேண்டும். வணிகப் பொறுப்பு மற்றும் நிலைத்தன்மை அறிக்கை. ஒன்பது கோட்பாடு, எண்ணற்ற கட்டங்கள். அதன் முதல் பகுதியின் கடைசியில் ஓர் அட்டவணை வரும். உங்கள் தொழிலுக்கு முக்கியமான பிரச்சினை எது, அது ஆபத்தா வாய்ப்பா, ஏன், ஆபத்து என்றால் எப்படிச் சமாளிப்பீர்கள், இவ்வளவும் கேட்டுவிட்டு, இறுதிக் கட்டத்தில் அதன் நிதித் தாக்கம் என்ன என்று கேட்கும். கேட்டதோடு நிற்காமல் அடைப்புக்குறிக்குள் ஒரு சலுகையும் கொடுக்கும்: சாதகமா பாதகமா என்று குறிப்பிடவும்.

ரூபாய் கேட்கவில்லை. எத்தனை ஆண்டில் என்று கேட்கவில்லை. எந்தச் சொத்து என்று கேட்கவில்லை. பூமி சூடாகிறது, மழை மாறுகிறது, நிலக்கரியின் காலம் முடிகிறது. நிதித் தாக்கம்: பாதகம். முடிந்தது. ரேஷன் கடைப் பொருளுக்குக்கூட எடை கேட்கிற நாட்டில், ஒரு நூற்றாண்டின் ஆபத்துக்கு ஒரு சொல் போதும். சட்டப்படி அது முழுமையான பதில். எந்த நிறுவனம் என்ன எழுதியது என்பதல்ல என் கோபம். ஒரு சொல்லுக்கு மேல் கேட்கத் துணியாத படிவத்தை வடிவமைத்துவிட்டு, வெளிப்படைத்தன்மை வந்துவிட்டது என்று மேடை போட்டுக் கைதட்டுகிறவர்கள் மேல்.

இன்னொன்றும் அந்த அட்டவணைக்குள் ஒளிந்திருக்கிறது. ஆபத்து என்றால் யாருக்கு ஆபத்து? ஐ.எஃப்.ஆர்.எஸ். எஸ்-2 இதில் ஒளிவு மறைவே வைக்கவில்லை. கம்பெனியின் பணவரவை, அது கடன் வாங்கும் செலவைப் பாதிக்கக்கூடியதே வெளியிட வேண்டிய ஆபத்து. படிப்பவர் முதலீட்டாளர் என்று வைத்து எழுதப்பட்டது. செபியின் படிவம் கொஞ்சம் தாராளம், ஊருக்கும் சுற்றுச்சூழலுக்கும் கட்டங்கள் வைத்திருக்கிறது. எட்டாவது கோட்பாட்டில் மறுவாழ்வுக்கென்று ஓர் அட்டவணை உண்டு: பாதிக்கப்பட்ட குடும்பங்கள் எத்தனை, அவர்களில் எத்தனை சதவீதத்துக்கு மறுவாழ்வு, அந்த நிதியாண்டில் எவ்வளவு கொடுத்தீர்கள். குடும்பம் எண்ணாகும், பணம் எண்ணாகும். நெல்லுக்குக் கட்டமில்லை.

கற்பனையாக ஒரு காட்சி. சென்னையிலிருந்து ஆலோசனை நிறுவனத்துப் பையன் ஒருவன் மடிக்கணினியோடு வரப்பில் நிற்கிறான். வயதான விவசாயி ஒருவர் கேட்கிறார்.

“இந்தப் பயிரு போனது உங்க ரிப்போர்ட்ல எந்தக் கட்டத்துல வரும் தம்பி?”

“பயிரு வராதுங்கய்யா. நீங்க போய் ரோட்டுல உக்காந்தீங்கன்னா அது வரும்.”

“எப்படி?”

“நிலம் எடுக்கிறதுல தாமதம், சமூக எதிர்ப்பு. ஆபத்துன்னு போட்டு, பாதகம்னு எழுதிடுவோம்.”

பையன் பொய் சொல்லவில்லை. முதலீட்டாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால் வயல் அழிவது ஆபத்தில்லை. அழிந்த வயலுக்காகக் கத்துகிறவரே ஆபத்து. வாய்க்கால் வெட்டும் செலவோ சொத்து. சொத்துக்கான கணக்கியல் விதி, இண்ட் ஏ.எஸ். 16, இடத்தைத் தயார் செய்யும் செலவைச் சொத்தின் விலையிலேயே சேர்க்கச் சொல்கிறது. இங்கே யார் எதில் எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. நெல்லைப் புரட்டும் இயந்திரத்தின் வாடகையும் ஒரு சொத்தாக மாற விதியில் வழி இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

அடுத்தது புகை.

பழுப்பு நிலக்கரி ஈரம் மிகுந்தது, சூடு குறைந்தது. தோராயமாக ஒரு டன் எரித்தால் ஒரு டன் கரியமில வாயு. அதில் ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க ஒரு கிலோவுக்கு மேல் வாயு போகும். இந்த ஒரு கிலோவுக்கு முகவரி எது? சொந்தக் கொதிகலனில் எரித்தால் ஸ்கோப் 1, கட்டாயம் சொல்ல வேண்டும். அதே கரியைப் பக்கத்தில் இருக்கும் தனியார் மின் நிலையத்துக்கு விற்று, அவர் எரித்தால், விற்றவருக்கு அது ஸ்கோப் 3. செபி படிவத்தில் ஸ்கோப் 3 தலைமைப் பண்புக் குறியீடு என்ற பிரிவில் இருக்கிறது. அதாவது விரும்பினால் சொல்லலாம். தலைமைப் பண்பு இல்லாதவர்கள் சும்மா இருக்கலாம்.

மின்சாரம் கம்பியில் ஏறியதும் இன்னும் வேடிக்கை. அதை வாங்கும் தமிழ்நாட்டு மின் வாரியம் பங்குச் சந்தையில் இல்லை, ஆகவே படிவமும் இல்லை. சேத்தியாத்தோப்பின் எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலைக்கும் இல்லை, நெய்வேலிக் களிமண்ணில் பொம்மை சுடும் விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகளுக்கும் இல்லை. சென்னையில் கண்ணாடிக் கட்டடத்தில் இருக்கும் பெரிய கம்பெனி மட்டும் தான் வாங்கிய மின்சாரத்தை ஸ்கோப் 2 என்று எழுதும். எப்படி எழுதும்? மத்திய மின்சார ஆணையம் நாடு முழுவதற்கும் ஒரே சராசரி வெளியிடுகிறது: யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ. நெய்வேலியில் ஒரு கிலோவுக்கு மேல் கிளம்பிய புகை, இமாசலத்து நீர்மின்சாரத்தோடும் ராஜஸ்தான் வெயிலோடும் கலந்து குளித்துவிட்டு 0.7 ஆகச் சென்னை வந்து சேர்கிறது. கிராமத்தில் அதே புகைக்குச் சராசரி கிடையாது.

இதற்குமேல் செறிவு என்று ஒரு கணக்கு. மொத்தப் புகையை விற்பனை ரூபாயால் வகுத்துச் சொல்ல வேண்டும். 100 டன் புகைவிட்டு 10 லட்சம் ரூபாய்க்கு விற்றால் லட்சத்துக்கு 10 டன். அடுத்த ஆண்டு அதே 100 டன், ஆனால் விலை ஏறியதால் விற்பனை 12 லட்சம். செறிவு 8.3 டன். ஆறில் ஒரு பங்கு மாசு குறைந்துவிட்டது! கொதிகலனில் ஒரு நட்டுகூடத் திருகவில்லை. அனல் மின் நிலையங்களுக்கு இதில் தனிச் சுகம். மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கும் கட்டணம் பெரும்பாலும் செலவோடு லாபம் சேர்த்து வருவது. எரிபொருள் செலவு கூடினால் கட்டணம் கூடும். கட்டணம் கூடினால் விற்பனை கூடும். விற்பனை கூடினால் செறிவு குறையும். கரி விலை ஏற ஏறக் காற்று சுத்தமாகிறது என்று எந்த விஞ்ஞானியும் கண்டுபிடித்ததில்லை. கண்டுபிடித்தது ஒரு வகுத்தல். அறிக்கையில் செறிவு இறங்குவதாகப் பச்சை நிறப் படம் வந்தால், பக்கத்திலேயே மொத்த டன் எவ்வளவு என்று பாருங்கள். படத்தை அங்கே போடாமல் இங்கே போட்டதற்குக் காரணம் தெரிந்துவிடும்.

ஆனால் இதெல்லாம் அறிக்கையின் முன்பாதி, வழவழக் காகிதம், நாற்று நடும் பெண்ணின் சிரித்த முகம். பின்பாதியில், கறுப்பு எழுத்தில், நிதிநிலை அறிக்கை இருக்கிறது. அங்கே சிரிப்பு கிடையாது. அங்கே புகை நுழைய வேண்டுமானால் கடனாக நுழைய வேண்டும்.

ஒதுக்கீடுகளுக்கான விதி இண்ட் ஏ.எஸ். 37. நடந்து முடிந்த ஒரு செயலால் இன்றைக்கே உங்கள் தலையில் ஒரு கடமை விழுந்திருக்க வேண்டும், அதற்குப் பணம் போக வாய்ப்பு அதிகமாயிருக்க வேண்டும், எவ்வளவு என்று கணிக்க முடிய வேண்டும். அப்போதுதான் பொறுப்பாக எழுதலாம். விட்ட புகைக்கு யாரும் பில் அனுப்புவதில்லை; ஆகவே கடமை இல்லை. பில் அனுப்புவதற்காக வந்ததாகச் சொல்லப்பட்ட கார்பன் வணிகத் திட்டம் அலுமினியம், சிமென்ட், காகிதம், ஜவுளி என்று பட்டியல் போட்டது. நாட்டிலேயே அதிகம் புகைவிடும் அனல் மின்சாரத்தை அதில் சேர்க்கவில்லை. திருடனைப் பிடிக்க வந்த போலீஸ் தெருவில் எல்லோரையும் விசாரித்துவிட்டு அவன் வீட்டில் மட்டும் காபி குடித்துப் போனது போல.

வாக்குறுதி கொடுத்தால் கடமை வருமா? நிகர பூஜ்யம் ஆவோம் என்று விளம்பரம் கொடுத்தால்? இந்தக் கேள்வி சர்வதேசக் கணக்கியல் விளக்கக் குழுவின் மேசைக்குப் போனது. 2024 ஏப்ரலில் வந்த முடிவின் சாரம் இது: மிச்சப் புகைக்கு ஈடு வாங்குவோம் என்று நீங்கள் சொன்னது ஊரை நம்ப வைத்திருந்தாலும், அந்தப் புகையை விடும் வரை ஒதுக்கீடு தேவையில்லை. தர்க்கப்படி அது சரிதான்; கணக்கியல் எதிர்காலத்தைக் கடனாக எழுதுவதில்லை. ஆனால் வாக்குறுதி முன்பாதியில் இன்றைக்கே புகழாக வரவு வைக்கப்படுகிறதே, அதற்கு மட்டும் காத்திருக்க வேண்டாமா?

ஒரே ஒரு கடன் மட்டும் உண்மையிலேயே புத்தகத்தில் ஏறுகிறது: சுரங்கத்தை மூடும் செலவு. தோண்டியவர் மூட வேண்டும் என்பது சட்டக் கடமை. நிலக்கரி அமைச்சகத்தின் வழிகாட்டுதல்படி திறந்தவெளிச் சுரங்கத்துக்கு ஹெக்டேருக்கு 6 லட்சம் ரூபாய், 2009 விலையில், தனி வங்கிக் கணக்கில் ஆண்டுதோறும் பிரித்துக் கட்டிவர வேண்டும் என்று இருந்தது. தொகையைப் பிறகு உயர்த்தினார்கள். அந்த 6 லட்சத்தை ஏக்கருக்குப் பார்த்தால் இரண்டரை லட்சத்துக்குக் குறைவு. அதற்குள் பள்ளத்தை நிரப்ப வேண்டும், மேல்மண்ணைப் பரப்ப வேண்டும், மரம் வைக்க வேண்டும். நெல் விளைய வேண்டும் என்று சொன்னால் சிரிப்பார்கள்.

இந்தக் கடன் புத்தகத்தில் என்ன தொகையாக ஏறும் என்பதுதான் நுட்பம். 30 ஆண்டு கழித்து, அன்றைய விலையில், மூடுவதற்கு 100 கோடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். விதி அதை இன்றைய மதிப்புக்குச் சுருக்கச் சொல்கிறது. ஆண்டுக்கு 8 சதவீதம் என்று பிடித்தால் இன்றைய கடன் 10 கோடிக்குக் கொஞ்சம் குறைவு. சுரங்கத்தின் ஆயுளை 40 ஆண்டாக நீட்டுங்கள், அன்றும் செலவு அதே 100 கோடி என்று சொல்லிவிடுங்கள், கடன் 4.6 கோடி. இந்தியா நிகர பூஜ்யம் ஆவதாகக் கிளாஸ்கோவில் சொன்ன 2070 வரை, அதாவது வளையமாதேவியில் இயந்திரம் இறங்கிய ஆண்டிலிருந்து 47 ஆண்டு, தள்ளிப்போடுங்கள், 2.7 கோடி.

நியாயமாக, தள்ளிப்போட்டால் விலைவாசி ஏறும், 100 கோடி 100 கோடியாகவே நிற்காது. அதனால்தான் செலவு எந்த வேகத்தில் ஏறும் என்று பிடித்தார்கள், எந்த வட்டியில் சுருக்கினார்கள் என்ற இரண்டு எண்களும் குறிப்புகளில் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஏற்றத்தை 5 என்றும் சுருக்கத்தை 8 என்றும் வைத்தாலே, ஆண்டுக்கு ஆண்டு, ஒன்றும் செய்யாமல், தள்ளிப்போடுவது லாபம். மூடும் நாளை நீட்டினால் பூமிக்குப் பட்ட கடன் சுருங்கும் என்று ஒரு விதி இருக்குமானால், மூடும் நாள் நீளாமல் என்ன செய்யும்?

நீண்டும் இருக்கிறது. நெய்வேலியின் முதல் அனல் மின் நிலையம் சோவியத் உதவியோடு 1962-இல் ஓடத் தொடங்கியது. ஒழுங்குமுறை ஆணையத்தின் கணக்கில் இப்படிப்பட்ட நிலையத்துக்கு ஆயுள் 25 ஆண்டு. அது நின்றது 2020 செப்டம்பரில், 58 வயதில். புத்தகத்தில் அந்தக் கொதிகலன் என்றைக்கோ தேய்ந்து முடிந்திருக்கும். கொதிகலனுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. இப்படிப்பட்ட நாட்டில், நிலக்கரிக் காலம் முடியும்போது மின் நிலையங்கள் மதிப்பிழக்குமே, அந்த நட்டத்தை இப்போதே எழுத வேண்டாமா என்று கேட்டால், பதில் தயாராக இருக்கிறது: எங்கள் அனுபவத்தில் அவை சாவதே இல்லை.

கையில் ஆண்டறிக்கை கிடைப்பவர்கள் ஒரு சோதனை செய்யலாம். முன்பாதியில் பூஜ்யத்துக்கு ஓர் ஆண்டு சொல்லியிருப்பார்கள். பின்பாதியில் சொத்துக்களின் பயன்பாட்டு ஆயுள், சுரங்கம் மூடும் ஒதுக்கீடு, அதைச் சுருக்கிய வட்டி ஆகிய குறிப்புகளைத் தேடுங்கள். இரண்டு பாதிகளிலும் சுரங்கமும் மின் நிலையமும் ஒரே ஆண்டில்தான் மூடுகின்றனவா என்று பாருங்கள். பெரும்பாலும் பின்பாதியில் பருவநிலை என்ற சொல்லே வராது. வர வேண்டும் என்று எழுதிவைத்த தனிக் கணக்கியல் விதியும் கிடையாது; ஏற்கெனவே உள்ள விதிகளைப் பருவநிலையை மனத்தில் வைத்துப் படிக்கலாம் என்று சர்வதேசக் கணக்கியல் தரநிலை வாரியம் 2019-லும் 2023-லும் நினைவூட்டியிருக்கிறது. ஆனால் தணிக்கையாளருக்கு ஒரு கடமை உண்டு. தணிக்கைத் தரநிலை 720-இன்படி, ஆண்டறிக்கையின் மற்றப் பக்கங்களையும் அவர் படிக்க வேண்டும். தான் கையெழுத்துப் போட்ட கணக்கோடு அவை முரண்பட்டால் சொல்ல வேண்டும். வழவழக் காகிதத்தையும் ஐயா படித்தாரா என்று பங்குதாரர் கூட்டத்தில் யாராவது ஒருவர் எழுந்து கேட்கலாம். அரசு நிறுவனம் என்றால் பெரும்பங்குதாரர் அரசு. அது எழுந்து தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும்.

2023 மார்ச் 29 அன்று நிலக்கரி அமைச்சகம் ஏல அறிவிப்பு ஒன்று வெளியிட்டது. அதில் தஞ்சை மாவட்டத்து வடசேரி, அரியலூர் மாவட்டத்து மைக்கேல்பட்டி, கடலூர் மாவட்டத்துக் கிழக்கு சேத்தியாத்தோப்பு ஆகிய மூன்று பழுப்பு நிலக்கரித் தொகுதிகளும் இருந்தன. வடசேரியும் சேத்தியாத்தோப்பும் 2020-இல் சட்டம் போட்டுப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்துக்குள் வருகின்றன என்று முதலமைச்சர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். ஏப்ரல் 8 அன்று மத்திய அமைச்சர் பிரகலாத் ஜோஷி மூன்றையும் நீக்குவதாக அறிவித்தார். பத்து நாள் ஏலப் பொருளாக இருந்துவிட்டுச் சேத்தியாத்தோப்பு மறுபடி ஊரானது. நீக்கியதற்குப் பாராட்டு. நீக்கியது ஏலப் பட்டியலிலிருந்துதான். தொகுதிக்குப் பெயரும் எல்லையும் அப்படியே இருக்கின்றன, கரி தரைக்கடியில் இருக்கிறது, அதன்மேல் சம்பா இருக்கிறது. வீராணத்துத் தண்ணீரைச் சென்னைக்கு ஏற்றிவிடும் நீரேற்று நிலையமும் இந்த ஊர்ப்பக்கம்தான் இருக்கிறது. அடுத்த முறை பட்டியலில் பெயர் வந்தால், கரியை எடுக்க வருகிறவர் நிரப்ப வேண்டிய படிவத்தில் ஆபத்து என்ற கட்டம் இருக்கும், சமாளிக்கும் வழி என்ற கட்டம் இருக்கும், நிதித் தாக்கம் என்ற கட்டமும் இருக்கும். யாருக்கு என்ற கட்டத்தைச் செபி இன்னும் அச்சடிக்கவில்லை.